தண்ணீரில் படகின் பிம்பம்: கவிழ்த்து ஒட்டினால் ஏன் பொருந்துவதில்லை

கேள்வி: "அண்ணா, காசிமேடு வார்ஃப் மேலே நின்று எடுத்த படத்தில், மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகை வெட்டி எடுத்து வந்து தண்ணீரில் வைத்திருக்கிறேன். இரண்டு படத்திலும் வெளிச்சமும் கேமரா உயரமும் பொருந்துகிறது. Photoshop-ல் அதே லேயரை Flip Vertical பண்ணி, கீழே ஒட்டி, ஒப்பாசிட்டி 50 வைத்தேன். Motion Blur-ம் போட்டேன். ஆனாலும் பார்த்த உடனே ஒட்டினது என்று தெரிகிறது. எங்கே தப்பு?"

தம்பி, முதல் தப்பு அந்த Flip Vertical-லேயே இருக்கிறது. ஒப்பாசிட்டியை எவ்வளவு மாற்றினாலும் அது சரியாகாது. தண்ணீரில் தெரிவது உங்கள் படத்தின் தலைகீழ் நகல் இல்லை. நீங்கள் தண்ணீருக்கு மேலே 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறீர்கள் என்றால், நீர்மட்டத்துக்குக் கீழே 4 மீட்டர் ஆழத்தில் இன்னொரு கேமரா இருந்து அண்ணாந்து படகைப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் தலைகீழாகத் தண்ணீரில் தெரியும். மேலிருந்து பார்க்கும் உங்களுக்குப் படகின் உள்பக்கம், குவித்து வைத்த வலை, பலகை எல்லாம் தெரியும். கீழிருந்து பார்க்கும் கேமராவுக்குப் படகின் வெளிச்சுவர்தான் தெரியும். உள்ளே சுவரை மீறி உயராத எல்லாவற்றையும் அந்தச் சுவரே மறைத்துவிடும். நீங்கள் அப்படியே கவிழ்த்ததால், தண்ணீரில் தெரியவே முடியாத படகின் உள்பக்கம் அங்கே தெரிகிறது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் பிடித்துவிடும்.

இதற்கு ஒரே ஒரு விதிதான். ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் கீழே, நீர்மட்டத்தில் அதன் அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்த அடியிலிருந்து புள்ளி எவ்வளவு மேலே இருக்கிறதோ, அதே அளவு கீழே அதன் பிம்பம் இருக்கும். கேமரா சாயாமல் நேராக இருந்தால் படத்தில் பிக்சல் கணக்கிலும் இது அப்படியே பொருந்தும். கேமராவைக் கீழே சாய்த்து எடுத்திருந்தால் கம்பங்கள் எல்லாம் கீழ்நோக்கிக் குவியும்; Camera Raw-வில் Geometry பகுதிக்குப் போய் முதலில் செங்குத்துக் கோடுகளை நிமிர்த்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

படகின் எல்லாப் பாகத்துக்கும் அடி ஒரே கோட்டில் இல்லை என்பதுதான் இங்கே சங்கதி. உங்களுக்குக் கிட்டே இருக்கும் பக்கச்சுவரின் அடி ஒரு கோடு. படகின் நடுவில் நிற்கும் கொடிக்கம்பத்தின் அடி அதற்குப் பின்னால், படத்தில் கொஞ்சம் மேலே. எதிர்ப்பக்கச் சுவரின் அடி இன்னும் மேலே. நீங்கள் மூன்றையும் முதல் கோட்டை வைத்தே மடித்துவிட்டீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், படம் 6000×4000 பிக்சல். கேமரா நேராக இருப்பதால் தொடுவானக் கோடு படத்தின் நடுவில், மேலிருந்து எண்ணினால் 2000-ல் வரும். துறைமுகத்துக்குள் தொடுவானம் தெரியாது. வார்ஃப் விளிம்புக் கோடுகளையும் தண்ணீருக்கு இணையாகப் போகும் மற்ற கோடுகளையும் நீட்டினால், அவை சேரும் இடம் அந்தக் கோட்டில்தான் இருக்கும். கேமரா தண்ணீரிலிருந்து 4 மீட்டர் உயரம். படகின் கிட்டப் பக்கம் 20 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் நீர்க்கோடு 2800-ல் வரும். தொடுவானத்திலிருந்து நீர்க்கோடு வரை உள்ள அந்த 800 பிக்சல், அந்தத் தூரத்தில் 4 மீட்டருக்குச் சமம். அதாவது மீட்டருக்கு 200 பிக்சல். 9 மீட்டர் படகு 1800 பிக்சல் நீளம் வர வேண்டும். வரவில்லை என்றால் பிம்பத்துக்கு முன்னால் படகின் அளவையே திருத்த வேண்டும்.

கிட்டச் சுவர் தண்ணீருக்கு மேலே 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் விளிம்பு 2600-ல் இருக்கிறது. பிம்பத்தில் 3000-க்கு வரும். இந்தச் சுவருக்கு மட்டும் உங்கள் முறை சரி.

படகின் அகலம் 2 மீட்டர். நடுக்கோடு 21 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 800-ஐ 20-ஆல் பெருக்கி 21-ஆல் வகுத்தால் 762. ஆக நடுவில் இருக்கும் சாமான்களின் அடி 2762. அங்கே மீட்டருக்கு 190 பிக்சல்தான். தண்ணீரிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு வலைக் குவியல் இருந்தால் அதன் உச்சி 2476-ல் தெரியும், அதாவது கிட்ட விளிம்புக்கு மேலே 124 பிக்சல். பிம்பத்தில் அந்த உச்சி 2762-க்குக் கீழே 286 பிக்சல், 3048-ல் வரும். சுவரின் பிம்பம் 3000 வரை மறைப்பதால் வலை 48 பிக்சல்தான் எட்டிப் பார்க்கும். நீங்கள் கவிழ்த்த படத்தில் அது முழு 124 பிக்சலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. 3 மீட்டர் கொடிக்கம்பத்தின் நுனி 3333-ல் முடிய வேண்டும். உங்களுடையது 3409 வரை போகிறது.

எதிர்ச்சுவருக்கு 22 மீட்டர், அடி 2727. அதன் விளிம்பு படத்தில் 2545-ல் இருப்பதால், கிட்ட விளிம்புக்கும் அதற்கும் நடுவில் 55 பிக்சல் பட்டையாகப் படகின் உள்பக்கம் தெரிகிறது. பிம்பத்தில் அதே விளிம்பு 2909-ல் விழும். 2800 முதல் 3000 வரை கிட்டச் சுவரின் பிம்பம் இருப்பதால் அது முழுக்க மறைந்துவிடும். படகின் உள்பக்கம் தண்ணீரில் ஒரு பிக்சல்கூட இருக்கக் கூடாது.

செய்முறை இதிலிருந்தே வந்துவிடும். படகை மூன்று லேயராக வெட்டுங்கள்: கிட்டச் சுவர், நடுவில் நிற்கிறவை, எதிர்ச்சுவர். 2800, 2762, 2727 என்று மூன்று கைடு கோடு போடுங்கள். ஒவ்வொன்றையும் Free Transform-ல் எடுத்து, நடுவில் இருக்கும் ரெஃபரன்ஸ் புள்ளியை அந்தந்தக் கைடு கோட்டுக்கு இழுத்துவிட்டு Flip Vertical கொடுத்தால், அந்தக் கோட்டை வைத்தே மடியும். புள்ளி தெரியவில்லை என்றால் மேலே ஆப்ஷன்ஸ் பட்டையில் Toggle Reference Point-ஐ டிக் பண்ணுங்கள். அடுக்கும்போது கிட்டச் சுவர் மேலே, நடு அதற்குக் கீழே, எதிர்ச்சுவர் அடியில். உங்கள் படகில் எதிர்ச்சுவர் எப்படியும் மறையப் போகிறது. அதைச் செய்யாமலே விடலாம். அணியம், அதாவது முன்மூக்கு, உயர்ந்து நிற்கும் படகில் மட்டும் அதன் எதிர்ப்பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

படகு குறுக்காக நிற்காமல் சாய்ந்து நின்றால் நீர்க்கோடு படத்தில் சரிவாக இருக்கும். அப்போது கிடைக்கோட்டில் மடித்தால் ஒரு முனை ஒட்டும், மறுமுனை பிரிந்து நிற்கும். பலர் இதைச் சுழற்றி ஒட்டப் பார்ப்பார்கள். சுழற்றினால் கொடிக்கம்பத்தின் பிம்பம் சாய்ந்துவிடும், அது நடக்கவே நடக்காது: செங்குத்தான கம்பத்தின் பிம்பமும் செங்குத்தாகத்தான் இருக்கும். மடித்த பிறகு Skew எடுத்து ஒரு பக்கத்து நடுக்கைப்பிடியை மேலோ கீழோ இழுங்கள். நீர்க்கோடு பொருந்தும், கம்பமும் நிமிர்ந்தே நிற்கும்.

இன்னொரு குறையும் வரும். கீழிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரிவதில் சில உங்கள் படத்தில் இல்லவே இல்லை. ஃபைபர் படகின் அணியம் மேலே போகப் போக வெளியே விரியும். அந்த விரிவின் அடிப்பக்கம் தண்ணீரில் நன்றாகத் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் அது ஒடுங்கிப் போயிருக்கும். தார்ப்பாய்ப் பந்தல் இருந்தால் அதன் அடியும் அப்படித்தான். படகு மணலில் நிற்கும்போதே, அதே பக்கத்திலிருந்து ஃபோனை மணலோடு மணலாக வைத்து இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீருக்குள் 4 மீட்டர் போக முடியாது, ஆனால் அந்தப் படத்தில் அணியத்தின் அடிப்பக்கம் கிடைத்துவிடும். அதைக் கவிழ்த்து, Warp-ஆல் பிம்பத்தின் மூக்குப் பகுதியில் பொருத்தலாம். அந்தப் படம் இல்லையென்றால், மூக்கின் சுவரையே Warp-ஆல் இழுத்து நீட்டி, சுவரைவிடக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். அடிப்பக்கத்துக்கு வானத்து வெளிச்சம் நேராக வராது.

மணலில் நிற்கும் படகை எடுத்திருப்பதால் ஒரு விஷயம் கவனியுங்கள். கடலில் கிடந்த படகின் பக்கச்சுவரில் நீர் நின்ற மட்டத்தில் ஒரு கறைக்கோடு இருக்கும். கீழே பாசி படிந்து பச்சையாக, மேலே பெயின்ட் சுத்தமாக. படகை அந்தக் கோட்டில் வெட்டுங்கள். அடிக்கட்டை தெரிய முழுசாக வைத்தால் படகு மிதக்காது, தண்ணீர் மேல் வைத்த பொம்மை மாதிரி இருக்கும். வெட்டிய இடத்தில் ஈரம் ஏறிய ஒரு கறுத்த பட்டை, 5 செ.மீ. உயரம் என்றால் இங்கே 10 பிக்சல், சுவரிலேயே வரைந்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். நம் ஊரில் தண்ணீரில் தெரிவதையும் நிழல் என்போம், வெயிலில் தரையில் விழுவதையும் நிழல் என்போம். ஒரே சொல்லாக இருப்பதால் இரண்டையும் ஒரே மாதிரி கையாளத் தோன்றும். வெயில் நிழல் சூரியன் இருக்கும் திசையைப் பொறுத்தது. பிம்பம் கேமரா நிற்கும் இடத்தைப் பொறுத்தது. சூரியன் எங்கே இருந்தாலும் பிம்பம் பொருளுக்கு நேர் கீழேதான்.

தண்ணீர் எவ்வளவு பிரதிபலிக்கும் என்பது நீங்கள் பார்க்கும் சாய்வைப் பொறுத்தது. நேர் கீழே குனிந்து பார்த்தால் 2 சதவீதம்தான். நம் கணக்கில் படகின் நீர்க்கோட்டை 11 டிகிரி சாய்வில் பார்க்கிறோம், அங்கே சுமார் 30 சதவீதம். கொடிக்கம்பத்தின் நுனி விழும் 3333-ல் 18 டிகிரி, அங்கே சுமார் 15 சதவீதம். இவை தட்டையான தண்ணீருக்கான கணக்கு. பிம்பம் நம்மை நோக்கி வர வர மங்க வேண்டும் என்பது இதனால்தான். போலரைசர் ஃபில்டர் போட்டு எடுத்த படமாக இருந்தால் இதைவிடவும் மங்கும்.

ஆனால் உங்கள் படத்தைக் கெடுப்பது மங்கலின் அளவு இல்லை, கலக்கும் முறை. கேமராவுக்கு வரும் வெளிச்சத்தில் இரண்டு பங்கு இருக்கிறது: மேற்பரப்பு பிரதிபலிப்பது ஒன்று, கலங்கல் தண்ணீரின் சொந்த நிறம் இன்னொன்று. படகு இல்லாத இடத்தில் மேற்பரப்பு வானத்தைப் பிரதிபலிக்கிறது. படகு வந்ததும் அந்த இடத்தில் வானத்தின் பிம்பம் போய்விட வேண்டும். படகுதான் அதை மறைத்துக்கொண்டு நிற்கிறதே. நீங்கள் ஒப்பாசிட்டி 50 வைத்ததும் வானத்தின் பாதியும் படகின் பாதியும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால்தான் பால் ஊற்றிய மாதிரி வெளிறிக் கிடக்கிறது. காலையில் வார்ஃபில் நின்று கிழக்கே பார்த்து எடுத்த படத்தில் இது இன்னும் மோசமாகத் தெரியும். வானம் பளீரென்று இருக்க, படகின் நம் பக்கம் நிழலில் இருக்கும். அங்கே பிம்பம் கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். மூன்று துண்டுகளையும் சேர்த்து ஒரே பிம்ப லேயர் ஆக்கி, கீழே சொல்லும் அலை வேலையை முடித்துவிட்டு, அதை நகல் எடுங்கள். அடியில் இருக்கும் நகலில் Lock transparent pixels போட்டு, தண்ணீரின் சொந்த நிறத்தால் நிரப்புங்கள். அந்த நிறம் உங்கள் படத்திலேயே இருக்கிறது: பக்கத்தில் நிற்கும் வேறொரு படகின் கறுத்த பகுதி தண்ணீரில் விழும் இடத்தில் ஐட்ராப்பரை வையுங்கள். அங்கே வானமும் இல்லை, வெளிச்சமான பொருளும் இல்லை, தண்ணீர் மட்டும்தான் மிச்சம். துறைமுகத்துக்குள் அது பெரும்பாலும் கறுப்புக் கலந்த பச்சையாக இருக்கும்.

மேலே இருக்கும் பிம்பத்தை Screen-க்கு மாற்றி, Exposure அட்ஜஸ்ட்மென்ட்டை அதன்மேல் கிளிப் செய்து −1.7 கொடுங்கள். 30 சதவீத வெளிச்சம் என்பது அவ்வளவு ஸ்டாப் குறைவு. இன்னொரு Exposure, −1.0, அதையும் கிளிப் செய்து, 2800-ல் கறுப்பு, 3333-ல் வெள்ளை என்று அதன் மாஸ்க்கில் கிரேடியன்ட் இழுங்கள். நீர்க்கோட்டில் 30, நுனியில் 15 என்று வந்துவிடும். ஒப்பாசிட்டி ஸ்லைடரில் 30 வைப்பதும் இதுவும் ஒன்றல்ல. ஒப்பாசிட்டி திரையின் காமா எண்களில் கலக்கிறது, Exposure உண்மையான வெளிச்சக் கணக்கில் குறைக்கிறது.

சரியாக வந்தால், படகில் எழுதிய வெள்ளைப் பதிவு எண் தண்ணீரில் சாம்பலாகத் தெரியும். டயரும் கறுப்புப் பட்டையும் தண்ணீரின் பச்சை ஏறிக் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். வெளுப்பு கறுக்க வேண்டும், கறுப்பு வெளுக்க வேண்டும். பக்கத்துப் படகின் உண்மையான பிம்பத்தோடு வைத்துப் பாருங்கள். கணக்கும் அதுவும் முரண்பட்டால் படத்தில் இருப்பதையே பின்பற்றுங்கள். அங்கே அலையும் எண்ணெய்ப் படலமும் எல்லாம் சேர்ந்த விடை இருக்கிறது.

இனி அலை. நீர்க்கோட்டை ஒட்டிய பகுதி தெளிவாகவும், உயரமான பகுதிகளின் பிம்பம் கலைந்தும் இருக்க வேண்டும். ஒரே சரிவுள்ள சிற்றலை, பக்கத்துப் பொருளின் பிம்பத்தைக் கொஞ்சம்தான் நகர்த்தும், உயரே இருப்பதை அதிகம் நகர்த்தும். நீங்கள் எல்லா இடத்திலும் ஒரே Motion Blur போட்டதால், சுவர் தண்ணீரைத் தொடும் இடமே மசமசவென்று ஆகிவிட்டது. அந்தத் தொடுகோடு கூர்மையாக இல்லாவிட்டால் படகு மிதக்கிற மாதிரியே தோன்றாது. Motion Blur 90 டிகிரியில், 30 பிக்சல் அளவில் ஒரு நகலுக்குப் போட்டு, கிரேடியன்ட் மாஸ்க்கால் நீர்க்கோட்டில் பூஜ்யமும் நுனியில் முழுசும் ஆக்கி, பிறகு இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

மங்கலாக்குவது மட்டும் போதாது, விளிம்பு நெளிய வேண்டும். படத்தில் இருக்கும் தண்ணீரையே Displace ஃபில்டருக்கு வரைபடமாகக் கொடுங்கள். படகு வைக்காத மூலப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 3 பிக்சல் Gaussian Blur போட்டு, Levels-ல் சராசரி 128 பக்கம் வரும்படி சரிசெய்து, அதே 6000×4000 அளவில் `.psd` கோப்பாகச் சேமியுங்கள். 128 என்றால் நகர்த்தாதே என்று அர்த்தம். சராசரி அதைவிட்டு விலகினால் பிம்பம் முழுசாக ஒரு பக்கம் நகர்ந்து நீர்க்கோட்டில் இடைவெளி விழும். Filter > Distort > Displace-ல் Horizontal Scale 4, Vertical Scale 15 போதும். Repeat Edge Pixels தேர்ந்தெடுங்கள். 100 என்றால் அதிகபட்சம் 128 பிக்சல் என்பதால் 15-க்கு 19 பிக்சல் வரை நகரும். பிம்ப லேயரை மட்டும் தேர்ந்தெடுத்து இதைக் கொடுங்கள். அதே படத்தின் அலை என்பதால் தூரத்தில் சிறியது, கிட்டே பெரியது என்ற அளவும் தானாக ஒத்துப்போகும். இணையத்தில் எடுத்த வேறு தண்ணீரைக் கொடுத்தால் இதுதான் முதலில் இடறும்.

கடைசியாக இரண்டு லேயரையும் ஒரு குரூப்பில் போட்டு, அந்தக் குரூப்பின் Blend If-ல் Underlying Layer வெள்ளை முனையை Alt பிடித்துப் பிரித்துச் சற்று இடப்பக்கம் இழுங்கள். அலை முகட்டில் மின்னும் வானத்தின் துண்டுகள் பிம்பத்தின் ஊடாக மறுபடி தெரியும். அதிகம் இழுத்தால் பழைய பால் நிறம் திரும்பி வந்துவிடும். முகடுகள் மட்டும் வந்ததும் நிறுத்திவிடுங்கள். நுரை, மிதக்கும் தெர்மோகோல், கட்டியிருக்கும் கயிறு இவையெல்லாம் தண்ணீருக்கு மேலே இருப்பவை. பிம்பம் அவற்றின் மேல் ஏறக் கூடாது, மாஸ்க்கில் ஒவ்வொன்றாக விடுவியுங்கள். உங்கள் படகுக்குப் பின்னால் நிற்கும் படகுகளின் பழைய பிம்பம் அந்த இடத்தில் மிச்சம் இருந்தால், நிரப்பிய அடி லேயர் அதை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதே விதியில் தூரத்துப் பொருளுக்கு எதிர்மாதிரியான தப்பு ஒன்று நடக்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று அனல்மின் நிலையப் புகைபோக்கியை ஒரு படத்தில் சேர்க்கும்போது, அதை எதிர்க்கரை விளிம்பை வைத்து மடிப்பார்கள். அவ்வளவு தூரத்தில் அதன் அடி கிட்டத்தட்டத் தொடுவானக் கோட்டிலேயே இருக்கும், கரை விளிம்பில் இல்லை. நுனி தொடுவானத்துக்கு மேலே 500 பிக்சல் என்றால் பிம்பத்தின் நுனி தொடுவானத்துக்குக் கீழே 500. கரை தொடுவானத்திலிருந்து 80 பிக்சல் இறங்கி இருந்தால் பிம்பம் கரைக்குக் கீழே 420 பிக்சல்தான் தெரியும். மிச்சத்தைக் கரையின் பிம்பமும் கரையும் மறைக்கும். வார்ஃப் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் விளக்குக் கம்பத்துக்கும் இப்படித்தான்: கம்பத்தின் அடிப்பாகம் தண்ணீரில் வராது, தலை மட்டும் வரும்.

முடித்ததும் Image > Image Rotation > 180° கொடுத்துப் படத்தைத் தலைகீழாகப் பாருங்கள். இப்போது பிம்பம் நிமிர்ந்த படகாகத் தெரியும். தண்ணீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்த படகு மாதிரி, சுவர் ஓங்கி, வலை விளிம்புக்கு மேலே லேசாக எட்டிப் பார்த்து, மூக்கின் அடிப்பக்கம் காட்டி நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் பலகை எங்காவது தெரிந்தால், அந்தத் துண்டு இன்னும் தப்பான கோட்டில் மடிந்திருக்கிறது.